ஸ்லைடுக்குப் பதில் இரண்டு பக்கக் குறிப்பு: கூட்டத்திலேயே உட்கார்ந்து படிப்பது எதற்கு?

கயல் | ஜூன் 3, காலை 10:12

முடிவெடுக்க வேண்டிய கூட்டங்களுக்கு இனி ஸ்லைடு வேண்டாம், இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லிவிட்டார். நேற்று முதல் கூட்டம். பத்துப் பேர் இருந்தோம். ஆளுக்கொரு பிரதி கொடுத்து, கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்றார்கள். நான் சீக்கிரமே படித்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேருக்குக் கால் மணி என்றால் மொத்தம் இரண்டரை மணி நேர வேலை போயிற்று. அதோடு விடவில்லை. எல்லோரும் படித்து முடித்ததும் தலைவர் எழுதியவரைப் பார்த்து, "சரி, இப்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார். அவர் தாளில் இருந்ததையே இருபது நிமிடம் திரும்பச் சொன்னார்.

முந்தின நாளே மின்னஞ்சலில் அனுப்பி, படித்துவிட்டு வாருங்கள் என்றால் போதாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செழியன் | ஜூன் 3, காலை 11:40

படித்துவிட்டு வாருங்கள் என்றால் படிக்காமல்தான் வருவார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கூட்டம் முடிந்து அடுத்ததற்கு ஓடி வருகிறவருக்கு இடையில் நேரம் எங்கே? சிலர் முழுதாகப் படித்திருப்பார்கள், சிலர் முதல் பத்தியோடு நிறுத்தியிருப்பார்கள், சிலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். யார் எந்த ரகம் என்று வெளியே தெரியாது. எல்லோரும் படித்தவர்கள் மாதிரியே பேசுவார்கள். கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு எழுதியவரே, "முதலில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்" என்று ஆரம்பிப்பார். அந்த நிமிடத்தில் ஸ்லைடு திரும்பி வந்துவிட்டது, திரைதான் இல்லை.

கூட்டத்திலேயே படித்தால் பேச்சு ஆரம்பிக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதற்காகத்தான் அந்தக் கால் மணி.

உங்கள் இரண்டரை மணி நேரக் கணக்கு சரிதான். ஸ்லைடுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் காட்டவே போய்விட்டால், பத்துப் பேருக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல். அதுவும் ஒருவர் பேசும் வேகத்தில் பத்துப் பேரும் கேட்டாக வேண்டும். சராசரியாக மனிதர் பேசுவதைவிடப் படிப்பது வேகம்.

உங்கள் கூட்டத்தைக் கெடுத்தது படிப்பு இல்லை, "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்ற வரி. எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த தடவை யாரும் தாளைக் கவனித்துப் படிக்க மாட்டார்கள்.

மாதவன் | ஜூன் 3, மதியம் 1:05

இது அமேசான் முறை. அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பவர்பாயிண்ட்டைத் தடை செய்தார். ஆறு பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பக்கத்தில் எதையும் முழுசாகச் சொல்ல முடியாது. படம், வரைபடம், அட்டவணை எதுவும் இருக்கக் கூடாது, எழுத்து மட்டும்தான். உங்கள் தலைவர் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். முழுசாகச் செய்தால்தான் பலன் வரும்.

செழியன் | ஜூன் 3, இரவு 9:20

மாதவன், தடை செய்தது உண்மை. 2004 ஜூன் மாதம் தன் உயர்மட்டக் குழுவுக்குப் பெசோஸ் அனுப்பிய மின்னஞ்சல் அது. ஆனால் அதில் அவர் ஒப்பிட்டது நான்கு பக்கக் குறிப்பையும் இருபது பக்க ஸ்லைடையும். நல்ல நான்கு பக்கம் எழுதுவதுதான் கடினம் என்பது அவர் வாதம். எது எதைவிட முக்கியம், எது எதோடு சேர்ந்தது என்று யோசிக்காமல் தொடர்ச்சியாக எழுத முடியாது என்றார். ஆறு பக்கம் என்ற பழக்கம் பிறகு நிலைத்தது, அதுவும் உச்சவரம்பாக. சின்ன விஷயத்துக்கு ஆறு பக்கம் எழுதினால் மீதி நான்கையும் நீர் ஊற்றித்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

அதே மின்னஞ்சலில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. வேர்ட் கோப்பில் புல்லட் வரிசை போட்டுக் கொண்டுவந்தால் அதுவும் பவர்பாயிண்ட் அளவுக்கே மோசம் என்று சொல்லியிருப்பார். ஆக, மென்பொருளை மாற்றுவது விஷயமே இல்லை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான். ஸ்லைடுகளைத் தாளில் கொட்டி, நடுவில் "மேலும்" என்று சேர்த்து, பத்தி மாதிரி காட்டுவார்கள்.

அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் தடை இல்லை. அவை பின்னிணைப்பில் போகும். குறிப்பின் உடலில் இருக்கும் வாதத்தைப் பின்னிணைப்பைப் புரட்டாமலே புரிந்துகொள்ள முடிய வேண்டும், அவ்வளவுதான்.

தாமரை | ஜூன் 4, காலை 8:30

எனக்கும் இதே கவலைதான். அடுத்த வாரம் ஒரு புது வாடிக்கையாளரிடம் எங்கள் தயாரிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். ஸ்லைடுக்குப் பதில் இரண்டு பக்கம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? முதல் பக்கத்தில் விலை போடலாமா?

செழியன் | ஜூன் 4, காலை 9:02

தாமரை, இது வேறு சூழல். இங்கே பேசுவது, ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒரு முடிவை எடுக்க உட்காரும் கூட்டம். உங்களை முதல் தடவை பார்க்கும் வாடிக்கையாளர் உங்கள் முகத்தையும் பேச்சையும் வைத்துத்தான் முதலில் எடை போடுவார். அவரைக் கால் மணி நேரம் மௌனமாக உட்கார வைக்காதீர்கள். பேசுங்கள், எழுதியதைக் கிளம்பும்போது கொடுங்கள்.

பர்வீன் | ஜூன் 4, மாலை 6:15

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மோசமான ஸ்லைடையும் நல்ல குறிப்பையும் ஒப்பிட்டால் குறிப்புதான் ஜெயிக்கும். நல்ல ஸ்லைடோடு ஒப்பிடுங்கள். தலைப்பில் ஒரு முழு வாக்கியம், கீழே அதற்கான ஆதாரம், ஒரு ஸ்லைடுக்கு ஒரே கருத்து. இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வது வடிவமைப்பு வேலை. திரையில் ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை இரண்டு பக்கம் எழுதிப் புரிய வைக்க முடியாது, காட்டினால் ஒரு நொடி.

செழியன் | ஜூன் 4, இரவு 10:48

பொத்தான் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதைக் காட்டத்தான் வேண்டும்.

ஆனால் தலைப்பில் முழு வாக்கியம் இருந்தால் போதும் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது வெளித் தொட்டியிலிருந்து நுரைக் காப்புத் துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் கணித்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு முழு வாக்கியம்தான். காப்பு ஓடுகள் துளைபடுவதைக் கணிக்கும் முறை பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்று சோதனைத் தரவு காட்டுவதாக அது சொன்னது. படிப்பவருக்கு நிம்மதி தரும் தலைப்பு.

கீழே புல்லட்டுக்குள் புல்லட், அதற்குள் இன்னொன்று. கடைசி வரிசையில், எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்தில் இருந்த வரி இது: சோதித்த துண்டின் அளவு 3 கன அங்குலம், இப்போது மோதியதாகக் கணித்த துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு. அப்படியென்றால் அந்தச் சோதனைத் தரவை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. ஸ்லைடின் உண்மையான செய்தி கடைசி வரியில் இருக்கிறது, தலைப்பு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியவர் தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி. விபத்து விசாரணைக் குழுவும் அந்த ஆண்டே தன் அறிக்கையில் இதை எடுத்துப் பேசியது. இதைப் பார்க்கும் மூத்த அதிகாரிக்கு இது உயிருக்கே ஆபத்தான விஷயம் என்று தெரியாமல் போயிருப்பது எளிதில் புரிகிறது என்ற பொருளில் எழுதினார்கள். ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, காரணங்கள் வேறு பல. ஆனால் அதையே பத்தியாக எழுத உட்கார்ந்திருந்தால், "சோதனை முடிவு நிம்மதி தருகிறது" என்ற வாக்கியத்துக்கு அடுத்து "ஆனால் மோதிய துண்டு சோதித்ததைப் போல 640 மடங்கு பெரியது" என்று எழுத வேண்டி வரும். எழுதியதும் முதல் வாக்கியத்தைக் கை தானாகவே அடித்துவிடும்.

கயல் | ஜூன் 5, காலை 9:50

இது பெரிய விஷயம். எங்கள் அலுவலகத்தில் நடப்பது மாதிரி சாதாரண உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா? அடுத்த குறிப்பை நான்தான் எழுத வேண்டும். எனக்குக் கையில் வருவதெல்லாம் புல்லட்டாகவே வருகிறது.

செழியன் | ஜூன் 5, இரவு 8:30

சொல்கிறேன். என் கூட வேலை செய்த ஒருவர் வாடிக்கையாளர் உதவிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவுப் பணிக்கு ஆறு பேர் கொண்ட தனிக் குழு வேண்டும் என்று கேட்கத் தயாரானார். அவருடைய ஸ்லைடு இப்படி இருந்தது.

*இரவுக் குழு: ஏன் இப்போது?*
*• புகார்கள் 40% உயர்வு*
*• சராசரி பதில் நேரம் 6 மணி நேரம்*
*• இரவுக் குழு அமைத்தால் பதில் நேரம் குறையும்*

மூன்று வரியும் உண்மை. அறையில் இருப்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். ஏனென்றால் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டிய "அதனால்" என்பதை ஒவ்வொருவரும் தன் தலைக்குள் போட்டுக்கொள்கிறார்கள்.

இதைப் பத்தியாக எழுதச் சொன்னோம். முதல் வாக்கியம் வந்தது: "நாளுக்கு 200 புகார் வந்த இடத்தில் இப்போது 280 வருகிறது." அடுத்து, "அதனால் பதில் நேரம் 6 மணி நேரமாகிவிட்டது" என்று எழுதினார். அங்கே பேனா நின்றுவிட்டது. அதனாலா? பகலில் வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் போய்க்கொண்டுதானே இருக்கிறது? அப்படியானால் யார் காத்திருக்கிறார்கள்? அந்த ஒரு வார்த்தையை எழுத முடியாமல் போய், புகார்கள் எந்த நேரத்தில் வருகின்றன என்று பிரித்துப் பார்த்தார்.

280-இல் 160 பகல் வேலை நேரத்தில் வருகின்றன, அவற்றில் பிரச்சினை இல்லை. 90 புகார்கள் மாலை 6 முதல் 9 மணிக்குள் வருகின்றன. காரணம், பில் பற்றிய குறுஞ்செய்தி தினமும் 6 மணிக்குப் போகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். பணியாளர்கள் வீட்டுக்குப் போவதும் அதே 6 மணிக்கு. அந்த 90 பேர் மறுநாள் காலைவரை, ஏறக்குறைய 14 மணி நேரம் காத்திருக்கிறார்கள். இரவு 9 முதல் காலை 9 வரை வருவது 30 மட்டும், அவர்களுக்கு 6 மணி நேரம் ஆகிறது. எல்லாவற்றையும் கூட்டி 280-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்தச் சராசரி 6 மணி நேரம். உண்மையில் மொத்தக் காத்திருப்பில் பெரும்பங்கு மாலைக்காரர்களுடையது.

கடைசியில் கூட்டத்துக்கு வந்த குறிப்பின் முதல் பத்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

*"மூன்று பணியாளர்களின் நேரத்தை மதியம் 12 முதல் இரவு 9 என்று மாற்ற இன்று ஒப்புதல் கேட்கிறோம். வாடிக்கையாளர்கள் அதிகம் காத்திருப்பது இரவில் எழுதுவதால் அல்ல, நாம் கிளம்பும் நேரத்தில் எழுதுவதால். மாலை 6 முதல் 9 வரை வரும் 90 புகார்களையும் அன்றே முடித்தால் சராசரிக் காத்திருப்பு 6 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகக் குறையும். தனி இரவுக் குழு அமைத்தால் அதற்கு மேல் பயன் பெறுவது நாளுக்கு 30 பேர். இந்த மாற்றத்தின் சுமை அந்த மூன்று பணியாளர்கள் மீது விழுகிறது. இருவர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் மறுத்திருக்கிறார்."*

கயல், இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். என்ன கேட்கிறோம் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. கைவிட்ட யோசனையும் அதை ஏன் கைவிட்டோம் என்பதும் இருக்கின்றன. எழுதியவருக்குப் பாதகமான விஷயம், அதாவது ஒருவர் மறுத்தது, பின்னிணைப்பில் ஒளியவில்லை. கூட்டத்தில் பேச்சு நேராக அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் போயிற்று. பேச வேண்டிய விஷயமும் அதுதான்.

மாதவன் | ஜூன் 6, காலை 7:40

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. குறுஞ்செய்தியைக் காலையில் அனுப்பினால் ஆளை மாற்றவே வேண்டாமே? அதை ஏன் யாரும் யோசிக்கவில்லை?

செழியன் | ஜூன் 6, காலை 8:15

கூட்டத்தில் படித்தவர்களில் ஒருவரும் அதையே தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார். பில் மென்பொருள் நாள் கணக்கை மாலையில்தான் முடிக்கும், அதைத் தள்ளிப்போட முடியுமா என்று தனியாகப் பார்க்க முடிவானது. நீங்களும் படித்தவுடனே கேட்கிறீர்கள் பாருங்கள். ஸ்லைடில் குறுஞ்செய்தி என்ற விஷயமே கிடையாது, இந்தக் கேள்வி எழுந்திருக்கவே முடியாது.

பர்வீன் | ஜூன் 6, மதியம் 12:30

செழியன், உங்கள் உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் அது குறிப்பின் வெற்றியா, நேரம் எடுத்து ஆராய்ந்ததன் வெற்றியா? அந்த மனிதர் அதே நேரத்தைச் செலவழித்து, மணிவாரியாகப் புகார்களை ஒரே வரைபடமாகப் போட்டிருந்தால், 6 மணிக்கு ஏறும் கோபுரம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். பத்தியைவிட வேகமாக.

செழியன் | ஜூன் 6, இரவு 9:55

பட்டிருக்கும். அந்த வரைபடம் பின்னிணைப்பில் இருந்தது, பலர் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். நான் சொல்வது, அந்த வரைபடத்தைப் போட வேண்டும் என்று அவருக்கு எப்போது தோன்றியது என்பதைப் பற்றி. எழுதி மாட்டிக்கொண்ட பிறகுதான். நீங்கள் சொல்கிற மாதிரி, ஸ்லைடு போடும்போதே அந்தச் சந்தேகம் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த வடிவமும் ஒன்றுதான். மற்றவர்களுக்குப் பத்தி ஒரு கட்டாயத்தைத் தருகிறது.

நேரம் பற்றி நீங்கள் சொன்னது முக்கியம். 2017-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் பெசோஸும் இதைச் சொல்லியிருக்கிறார்: நல்ல ஆறு பக்கக் குறிப்பை ஓரிரு நாளில் எழுதிவிடலாம் என்று நினைப்பதுதான் தப்பு, ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்று. ஆகவே எல்லாக் கூட்டத்துக்கும் இது சரிப்படாது. வாராந்திர நிலவரம் கேட்கும் கூட்டத்துக்கெல்லாம் எழுதச் சொன்னால் எழுதுகிறவர்கள் ஓய்ந்துபோவார்கள், அப்புறம் நிஜமான முடிவுக்கும் அரைகுறையாகவே எழுதுவார்கள்.

அருள்மொழி | ஜூன் 7, மாலை 5:10

யாரும் பேசாத ஒன்றைக் கேட்கிறேன். நான் மெதுவாகப் படிப்பவன். சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் இடம் மாறித் தெரியும். வேலையில் யாருக்கும் குறைந்தவன் இல்லை, ஆனால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது எனக்குப் பரீட்சை அறை மாதிரி. பக்கத்தில் இருப்பவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டால் நான் படித்த வரியே மறந்துபோகிறது. ஸ்லைடில் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டாவது இருக்கலாம். கயல் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்ததாகச் சொன்னார். அந்த நேரமெல்லாம் நான் இன்னும் முதல் பக்கத்தில் இருப்பேன்.

செழியன் | ஜூன் 8, காலை 10:30

அருள்மொழி எழுதியதைப் படித்த பிறகு முதல் பதிவில் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். முன்கூட்டி அனுப்புவதால் பயனில்லை என்ற மாதிரி எழுதியிருந்தேன். அனுப்புங்கள். வேண்டியவர்கள் தனியாக, தன் வேகத்தில், கணினியை வாசிக்க வைத்துக்கூடப் படித்துவிட்டு வரட்டும். ஆனால் மற்றவர்களும் படித்திருப்பார்கள் என்று நம்பிக் கூட்டத்தில் படிக்கும் நேரத்தை எடுத்துவிடாதீர்கள். முன்பே படித்தவர் அந்த நேரத்தில் இரண்டாம் தடவை படிப்பார், பெரும்பாலும் நல்ல கேள்விகள் அவரிடமிருந்துதான் வரும்.

நேரம் எவ்வளவு என்று கயலுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. ஆறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் வரும். இரண்டு பக்கத்துக்கு ஆறு நிமிடம் என்றாலும் பத்து நிமிடம் வையுங்கள், பேனாவால் குறித்துக்கொண்டே படிக்க அது வேண்டும். "எல்லோரும் முடித்தாயிற்றா?" என்று கேட்காதீர்கள், மெதுவாகப் படிப்பவர் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லிவிடுவார். நேரத்தை முதலிலேயே அறிவித்துவிட்டு, அது முடியும்வரை யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சீக்கிரம் முடித்தவர் மறுபடி படிக்கலாம். கயல், அடுத்த தடவை இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், நேரம் போதாது.

படித்து முடித்ததும் எழுதியவர் எதையும் விளக்கக் கூடாது. நடத்துபவர் ஒரே கேள்வியில் ஆரம்பிக்கலாம்: "முதல் பக்கத்தில் யாருக்கு என்ன?" வயதிலும் பதவியிலும் இளையவர்கள் முதலில் பேசட்டும், தலைவர் கடைசி. தலைவர் முதலில், "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டால் ஓரத்தில் எழுதிய கேள்விகள் ஓரத்திலேயே தங்கிவிடும்.

குறிப்பு சரியில்லை என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் சில கேள்விகளைக் கவனியுங்கள். "நீங்கள் கேட்பது பணமா, ஆளா?" என்ற மாதிரி வந்தால் எழுத்து தெளிவாக இல்லை. தாளில் இருக்கும் பதிலையே கேட்டால் படிக்கவில்லை, அல்லது நேரம் போதவில்லை. "90 பேர் என்பது மாதக் கடைசியிலும் இதே அளவா?" என்று வந்தால் படித்திருக்கிறார்கள், எழுத்தும் நிற்கிறது.

கயல் | ஜூன் 17, இரவு 7:45

கூட்டம் நடந்தது. பயிற்சிக் கையேடுகளை அச்சடிப்பதை நிறுத்திவிட்டுத் திரையில் மட்டும் கொடுக்கலாமா என்பது விஷயம். நான் எழுதினேன். "அச்சு நிறுத்தினால் செலவு குறையும்" என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியவில்லை. கையேட்டை யார் எங்கே வைத்துப் படிக்கிறார்கள் என்று விசாரித்தபோது, களத்தில் வேலை செய்கிறவர்கள் கையுறை போட்ட கையோடு புரட்டுகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களால் திரையைத் தொட முடியாது. குறிப்பே மாறிப்போய், அலுவலகப் பிரதிகளை மட்டும் நிறுத்தலாம் என்று கேட்டேன்.

தலைவரிடம் முன்னாடியே பேசி, என்னை விளக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். ஆனால் படிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவரே, "இந்த இரண்டாவது பத்தியில்..." என்று ஆரம்பித்துவிட்டார். நான் கையைக் காட்டினேன், நிறுத்திக்கொண்டார். பேச்சு நன்றாகவே போனது. கிடங்கில் இருந்து வந்த பெண், இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசிப் பார்த்ததில்லை, பழுது பார்க்கும் பக்கங்களை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வைக்கலாம் என்றார். அதுவே முடிவானது.

ஒரு சிக்கல். இரண்டு பேர் வெளியூரிலிருந்து திரை வழியாக வந்தார்கள். அவர்களுக்குப் பகிர்ந்த கோப்பைக் கொடுத்தோம். அவர்கள் படிக்கும்போதே கமெண்ட் போட, அதைப் பார்த்துவிட்டு நான் பதில் எழுத, தாளில் படித்தவர்களுக்கு அது எதுவுமே தெரியவில்லை.

பர்வீன் | ஜூன் 17, இரவு 9:30

எங்கள் குழு முழுக்கவே தொலைவில் இருந்து வேலை செய்கிறது, இதில் எனக்கு அனுபவம் உண்டு. பகிர்ந்த கோப்பில் படிக்கும்போது கமெண்ட் போட்டால் எல்லோர் கண்ணும் கமெண்ட்டுக்குப் போய்விடுகிறது, உடலை யாரும் படிப்பதில்லை. மூத்தவர் ஒருவர் முதல் பத்தியில் "இதில் எனக்குச் சந்தேகம்" என்று போட்டுவிட்டால் அடுத்தவர்கள் அந்தக் கண்ணோடுதான் மீதியைப் படிக்கிறார்கள். நாங்கள் ஆளுக்கொரு நகல் கொடுத்துவிடுகிறோம், படிக்கும் நேரம் முடிந்த பிறகுதான் கமெண்ட்டுகளை ஒன்றாகச் சேர்ப்போம். கேமராவும் மைக்கும் அணைத்துவிட்டுப் படிப்போம்.

ஸ்லைடு பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் செலவு, ஆள் எண்ணிக்கை மாதிரி முடிவுகளுக்கு நாங்களும் எழுதித்தான் பார்க்கிறோம்.

செழியன் | ஜூன் 18, காலை 8:50

ஆளுக்கொரு நகல் என்பது நல்ல வழி. எதிர்வாதம் ஒன்றும் இருக்கிறது: ஒரே கோப்பில் இருந்தால் ஐந்து பேர் ஒரே கேள்வியைத் தனித்தனியாக எழுதுவதில்லை. நான் அந்த ஐந்து பேரும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பேன். ஒரே இடத்தில் ஐந்து பேர் தடுக்கி விழுந்தார்கள் என்று தெரிவதே எழுதியவருக்குப் பெரிய தகவல். கயல், எந்த முறை வைத்தாலும் படிக்கும் நேரத்தில் நீங்கள் பதில் எழுதாதீர்கள். எழுதியவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் அது படிக்கும் நேரமாக இருக்காது.

அருள்மொழி | ஜூன் 19, மாலை 6:20

எங்கள் மேலாளரிடம் கேட்டேன், கூட்டத்துக்கு முந்தின நாள் கோப்பை அனுப்ப ஒத்துக்கொண்டார். வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டுப் போனேன். கேள்வி கேட்டேன். ஆனால் எழுதியவர் கூட்டத்துக்கு அரை மணி முன்பு இரண்டு பத்தியை மாற்றிவிட்டார், நான் கேட்டது பழைய பதிப்பில் இருந்து. இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசி நேரத்தில் திருத்துவதைத் தடுத்தால் எழுத்து நன்றாக வராது என்கிறார்கள்.

செழியன் | ஜூன் 19, இரவு 10:05

மாற்றிய வரிகளுக்கு ஓரத்தில் கோடு போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அது முழுத் தீர்வு இல்லை. முந்தின நாளோடு எழுத்தை மூடிவிட வேண்டும் என்று கறாராக இருக்கும் குழுக்களும் உண்டு. அங்கே புது எண் வந்தால் கூட்டத்தில் வாயால் சொல்லிவிடுவார்கள். எது நல்லது என்று எனக்கே இன்னும் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

கயல் | ஜூன் 24, காலை 11:15

புதுப் பிரச்சினை. கூட்டத்துக்கு வராத ஒரு மேலதிகாரி, "முடிவு என்ன என்று எனக்கு ஐந்து ஸ்லைடில் அனுப்புங்கள்" என்கிறார். குறிப்பை அனுப்பினேன், நேரமில்லை என்றார்.

செழியன் | ஜூன் 24, மதியம் 12:40

ஸ்லைடு செய்ய உட்கார்ந்தால் இரண்டு ஆவணங்களைப் பராமரிக்க வேண்டி வரும், ஒரு மாதத்தில் இரண்டும் வேறு வேறு சொல்லும். குறிப்பின் முதல் பத்தியை மட்டும் வெட்டி, கூட்டத்தில் எடுத்த முடிவை அதன் கீழே இரண்டு வரியாகச் சேர்த்து மின்னஞ்சலின் உடலிலேயே போட்டு அனுப்புங்கள். இணைப்பாக வேண்டாம், திறக்க மாட்டார். கையுறை விஷயம் அந்தப் பத்தியில் இல்லையென்றால் அதையும் ஒரு வாக்கியமாகச் சேருங்கள். அது இல்லாமல் அனுப்பினால், மீதி அச்சையும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டு மறுபடி எழுதுவார்.